ஆண்டிச்சாமியின் கன்னத்துப் பொட்டு

குழந்தைசாமிக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் இரட்டை மயில் மார்க் உரக்கலவைக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த மனிதர் அவர். மணிச்சத்து, சாம்பல்சத்து என்று வாய் ஓயாமல் பேசுகிறவர். அவர் மனைவி அமிர்தவல்லி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கோத்துக் கடை நிலைப்படியில் கட்டிவிட்டுப் போவாள். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் இவர் அதை அவிழ்த்துச் சாக்கடையில் போடுவார். விஞ்ஞானம் விற்கிற கடையில் எலுமிச்சம்பழம் தொங்கினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்குப் பங்குனி மாதத்தில் திருச்சி ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது மேனேஜர் எழுதியிருந்தார். கம்பெனி ஒரு புத்தகம் அச்சடிக்கப் போகிறது. ஒவ்வொரு ஏஜெண்டும் தன் வட்டாரத்தில் உரம் போட்டுப் பலன் கண்ட ஒரு விவசாயியைப் பிடிக்க வேண்டும். அவருடைய பெயர், ஊர், போட்டோ, உரம் போடுமுன் எத்தனை மூட்டை, போட்டபின் எத்தனை மூட்டை, அவர் வாயால் இரண்டு வார்த்தை, எல்லாம் வேண்டும். இதையெல்லாம் வெளியிடச் சம்மதம் என்று அவர் கையெழுத்தும் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாள் வரும். அதையும் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர் இல்லாமல் 'ஒரு விவசாயி' என்று அனுப்பினால் சேர்த்துக்கொள்ள மாட்டோம், யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தார். கடைசி வரியைத்தான் குழந்தைசாமி இரண்டு தடவை படித்தார். விவசாயி விவரம் அனுப்பாத ஊரில் ஏஜென்சி வேறு ஆளுக்கு மாற்றப்படும். வேறு ஆள் என்றால் யார் என்று கேட்கவே வேண்டாம். எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்த நாகராசு ஆறு மாதமாகத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் மேனேஜருக்கு முந்திரிப்பருப்பு கொண்டுபோய்க் கொண்டிருந்தான்.

ஆனால் குழந்தைசாமி பயப்படவில்லை. பலன் கண்டவர் ஒருவர் கைவசம் இருந்தார். ஆலங்குடிக்குத் தெற்கே சீத்தக்காட்டில் கடலை போடுகிற ஆண்டிச்சாமி. போன கார்த்திகையில் கடலை பறித்த கையோடு அந்த மனுஷன் கடைக்கு வந்து, அடுத்த போகத்துக்கு எட்டு மூட்டை உரத்தை விலைகூடக் கேட்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனார். போன பிறகு சொந்தக்காரர்கள் மூன்று பேரை அனுப்பினார். மூன்று பேரும் வந்து, "ஆண்டிச்சாமி வாங்குனாருல்ல, அது" என்று ரகசியம் போலக் கேட்டு வாங்கிப் போனார்கள். இதைவிடத் திருப்தி எப்படி இருக்கும்? ஒரு நடை போய்விட்டு வந்தால் வேலை முடிந்தது என்று பஸ் ஏறினார் குழந்தைசாமி. ஆலங்குடியில் இறங்கி வாடகை சைக்கிள் எடுத்து, முந்திரித் தோப்புக்கு நடுவே மணலில் பாதி தூரம் சைக்கிள் அவரைச் சுமக்க, பாதி தூரம் அவர் சைக்கிளைச் சுமக்க, சீத்தக்காடு போய்ச் சேர்ந்தார்.

அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். ஆண்டிச்சாமி பிறந்ததிலிருந்து எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பெற்ற மகள் கல்யாணத்தில் மூன்று பந்தி நிறைந்து நாலாவது பந்திக்கு இலை போட்டபோது, சாப்பாடு எப்படி என்று சம்பந்தி கேட்டதற்கு, "ஏதோ திங்கிறாய்ங்க" என்றவர். களத்தில் கடலை அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் எல்லோரும் சொல்வதுபோல 'லாபம்' என்று தொடங்குவார். அத்தோடு சரி, இரண்டாவதிலிருந்து வாய்க்குள்ளேயே எண்ணிக்கொள்வார். எத்தனை மூட்டை என்று கேட்கிறவனுக்குக் கிடைக்கிற பதில், "பூச்சி அரிச்சது போக கெடந்துச்சு" என்பதுதான்.

"உரம் நல்லா வேலை செஞ்சுச்சுல்லண்ணே?" என்று ஆரம்பித்தார் குழந்தைசாமி.

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்று திடுக்கிட்டார் ஆண்டிச்சாமி. அவர் சத்தம் கேட்டு, உள்ளே முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி உண்ணாமலை முறத்தோடு வெளியே வந்தாள்.

குழந்தைசாமி விஷயத்தை விளக்கினார். ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். புத்தகம் ஆயிரம் அச்சடிப்பார்கள், தஞ்சாவூர் ஜில்லா வரைக்கும் போகும், பெயரும் முகமும் மூட்டைக் கணக்கும் அதில் இருக்கும், விருப்பம் இல்லை என்றால் தாராளமாக மறுக்கலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்றார். கடைசியில் சொன்னது மட்டும் பொய். அவர் ரொம்பவே வருத்தப்படுவார்.

"ஆயிரம் வீட்டுக்கா?" என்றாள் உண்ணாமலை. "ஏன் தம்பி, பக்கத்துக் கொல்லைக்காரன் ஒருத்தன் பாத்ததுக்கே அந்த வருஷம் வண்டிமாடு நொண்டிச்சு. ஆயிரம் பேரு பாத்தா நாங்க ஊட்டோட நொண்ட வேண்டியதுதான்!"

"அக்கா, கண்ணு படுறதுங்கிறதெல்லாம் சும்மா. அதுல விஞ்ஞானமே கெடையாது."

"மாடு நொண்டிச்சே தம்பி. நான் பாத்தேனே."

ஆண்டிச்சாமி இதற்குள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மொதலாளி, ஒண்ணு செய்வோம். மூட்டைக் கணக்கு என்னதப் போடுங்க. பேரும் போட்டாவும் எம் மச்சினன் ரெங்கசாமியோடத போட்டுருங்க. படுற கண்ணு அவனுக்குப் படட்டும்."

"அண்ணே, அது பொய்யாப் போயிருமே! யாரு பேரு இருக்கோ அவரு வெளைவிச்சிருக்கணும். நாளைக்கு எவனாச்சும் சீத்தக்காட்டுக்கு வந்து விசாரிச்சா எம் மானம் போகும், கம்பெனி மானமும் போகும்."

"அவன் ஒண்ணும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். போட்டா புடிக்கிறதுன்னா அவனுக்கு உசுரு."

"எந்தம்பி மேல கண்ணு பட்டா பரவாயில்லையாக்கும்?" என்று உண்ணாமலை முறத்தை ஓங்கவே, அந்த யோசனை அங்கேயே செத்தது.

குழந்தைசாமி சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, கடைக்காரர்தானே. ஆனால் அன்றைக்கு என்னவோ வாயில் உண்மை வந்துவிட்டது. "நீங்க மாட்டேன்னா ஏஜென்சி நாகராசுக்குப் போயிரும்ணே. எனக்கு வேற தொழில் தெரியாது" என்றார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. "அதுக்காக ஒத்துக்க வேணாம். ஒங்க இஷ்டந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

உண்ணாமலை ஓங்கிய கையை இறக்கினாள். முறத்தைக் கீழே வைத்தாள். "பச்சப்புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போறப்ப என்ன செய்வோம்? கன்னத்துல மை வச்சு விடுவோமுல்ல. பாக்குறவன் கண்ணு அந்தப் பொட்டுல போயிரும். அதே மாதிரி இவுக கன்னத்துல ஒரு பொட்டு வச்சுப் போட்டா எடுங்க. அப்பறம் ஆயிரம் என்ன, லட்சம் வேணாலும் அடிச்சுக்கங்க."

ஐம்பத்திரண்டு வயது ஆண்டிச்சாமி, மீசை வைத்த ஆண்டிச்சாமி, மறு பேச்சுப் பேசாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். விஞ்ஞானி குழந்தைசாமியும் மறு பேச்சுப் பேசவில்லை.

கணக்கு எழுதும் வேலை மிச்சம். ஆண்டிச்சாமி வாயால் எண்ணைச் சொல்ல மறுத்தார். பெட்டிக்கடியிலிருந்து ஆலங்குடி கடலை மண்டிச் சீட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, மாட்டைப் பார்க்கப் போவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தைசாமி கூட்டிப் பார்த்தார். முந்தைய வருஷம் ஏக்கருக்கு ஒன்பது மூட்டை. உரம் போட்ட வருஷம் பதினேழு. குழந்தைசாமி மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். இந்த உரம் இப்படி வேலை செய்யும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார், ஆனால் நம்பியிருக்கவில்லை.

"இப்ப ஒங்க வாயால ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே. சொன்னபடி எழுதிக்கிறேன்."

"எழுதிக்கங்க. மழை இல்லை."

"உரத்தைப் பத்தி."

"நாத்தம் தாங்கல."

"பயிரு எப்படி வந்துச்சுண்ணே?"

"என்னத்த வந்துச்சு. எலை கொஞ்சம் கறுப்பாத் தெரிஞ்சுச்சு. காயி ஏதோ கெடந்துச்சு."

"ஒரே ஒரு நல்ல வார்த்தை. எனக்காக."

ஆண்டிச்சாமி ரொம்பப் பாடுபட்டார். நெற்றியில் வியர்த்தது. கடைசியில், பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "குத்தமில்ல" என்றார். உண்ணாமலை அதிர்ந்துபோய், "எம்மாடி!" என்று வாயில் கை வைத்தாள். முப்பது வருஷத்தில் தன் சமையலுக்குக்கூட அவள் அந்த வார்த்தையை வாங்கியதில்லை.

சம்மதக் கடிதத்தில் குழந்தைசாமி எல்லாவற்றையும் எழுதினார். பெயர் போடலாம், கணக்குப் போடலாம், வார்த்தை சொன்னபடியே இருக்க வேண்டும், போட்டோவில் இடது கன்னத்தில் பொட்டு இருக்க வேண்டும், இதில் எது மாறினாலும் சம்மதம் செல்லாது. படித்துக் காட்டியதும் ஆண்டிச்சாமி கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆலங்குடி ஸ்டூடியோவில் உண்ணாமலை தன் கையால், எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டாள். போட்டோக்காரர் மூன்று முறை துடைக்க வந்தார். மூன்று முறையும் அவர் கையில் அடி விழுந்தது.

வைகாசிக் கடைசியில் திருச்சியிலிருந்து மாதிரித் தாள் வந்தது. பிரித்துப் பார்த்த குழந்தைசாமி தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். ஆண்டிச்சாமியின் கன்னம் பளிங்கு மாதிரி இருந்தது. போட்டோவை அச்சுக்குப் பிளாக் செய்த மெட்ராஸ்காரர்கள் பொட்டைக் கறை என்று நினைத்து வெள்ளை பூசி அழித்துவிட்டார்கள். கீழே 'குத்தமில்ல' இருந்த இடத்தில், 'இருண்டு கிடந்த எனது இல்லத்தில் இன்ப ஒளியேற்றிய இரட்டை மயிலே, நீ வாழ்க!' என்று அச்சாகியிருந்தது. மேனேஜர் கவிதை எழுதுகிறவர் என்று நாகராசு ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரு காரியம் செய்யலாம். தாளில் 'சரி' என்று தானே எழுதி அனுப்பிவிடலாம். சம்மதக் கடிதம்தான் ஏற்கனவே இருக்கிறதே. சீத்தக்காட்டுக்குப் புத்தகம் போகாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. இப்படி ஒரு பகல் முழுக்க அவர் மனது அலைந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 'குத்தமில்ல' என்று சொன்ன அந்த முகம் விடவில்லை. அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார், அதையும் அழித்துவிட்டு மயிலே குயிலே என்று போடுவதா? கோபம் வந்தது. மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆண்டிச்சாமி தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

குழந்தைசாமிக்கு நம்ப முடியவில்லை. "நல்லாருக்கா!"

"நல்லா இருக்காரு இந்த ஆளு. யாருங்க இவரு?"

உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். "பொட்டு எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாள். குழந்தைசாமி தாளை வாங்கி மடித்ததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்ப வேணாம். எழுதுனது எழுதுனபடி. நீங்கதான் எழுதுனீங்க."

அவர்தான் எழுதினார். ஆகவே அன்றே திருச்சிக்குப் போனார். மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு தன் கவிதையில் என்ன குறை என்று கேட்டார். குழந்தைசாமி சம்மதக் கடிதத்தை மேசையில் விரித்து, "எது மாறினாலும் செல்லாது" என்ற வரியில் விரலை வைத்தபடி நின்றார். எழுத்தை மாற்றிக் கோத்துவிடலாம், அரை மணி வேலை என்று மேனேஜர் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். பிளாக்கை மறுபடி செய்ய மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும், பதினைந்து நாள் ஆகும், ஆடிப்பட்டத்துக்குப் புத்தகம் வராது, முடியவே முடியாது என்றார்.

"அப்ப ஆயிரம் புத்தகத்தையும் மொதல்ல எங்கிட்ட அனுப்புங்க. பொட்ட நாங்க கையால வச்சு அனுப்பிர்றோம். வைக்காத புத்தகம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது" என்றார் குழந்தைசாமி. சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"இது இருபதாம் நூற்றாண்டு, தெரியுமா ஓய்?" என்றார் மேனேஜர்.

"தெரியுங்க. ஆயிரம் பொட்டு, மூணு நாள்ல முடிஞ்சுரும்."

சீத்தக்காட்டில் உண்ணாமலை இதற்குச் சம்மதித்து, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: பொட்டை அவள் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். ஆனி மாதம் புத்தகக் கட்டுகள் லாரியில் வந்து இறங்கின. அவளும் ஆண்டிச்சாமியும் கட்டுச்சோற்றோடு வந்து கடையில் உட்கார்ந்தார்கள். விளக்கில் காய்ச்சி ஒரு கொட்டாங்கச்சி நிறைய மை கொண்டுவந்திருந்தாள். குழந்தைசாமி புத்தகத்தைப் பிரிக்க, அவள் பெருவிரலால் வைக்க, ஆண்டிச்சாமி ஊதிக் காயவைத்தார். தன் முகத்தைத் தானே ஆயிரம் தடவை ஊதிய மனிதர் அந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். எதிர்க்கடையில் நாகராசு ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

இரண்டாம் நாள் மத்தியானம் குழந்தைசாமி காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஆண்டிச்சாமி பக்கத்தில் மட்டுமல்ல, மற்றப் பக்கங்களிலும் மை தெரிந்தது. புத்தகத்தில் இருந்த பதினோரு ஊர் விவசாயிகளின் கன்னத்திலும் உண்ணாமலை பொட்டு வைத்திருந்தாள்.

"என்னக்கா இது!"

"பாவம் தம்பி, பெத்தவ இல்லாத புள்ளைக மாதிரி மொகத்தக் காட்டிக்கிட்டு நிக்கிதுக. ஒரு விரலு மையில என்ன கொறஞ்சு போச்சு?"

"அவங்ககிட்ட அனுமதி வாங்கலையே! அவங்க மொகத்துல நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியுமா? உங்களுக்குப் பொட்ட அழிச்சது எப்படியோ, அவங்களுக்கு வைக்கிறது அப்படி!"

உண்ணாமலை யோசித்தாள். "அதுவுஞ் சரிதான்" என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதற்குள் நாற்பது புத்தகம் கெட்டிருந்தது. அந்த நாற்பதையும் குழந்தைசாமி தனியே கட்டி, உரக் கணக்குச் சிட்டைகளோடு வைத்துப் பூட்டினார். மீதியைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

புத்தகம் பரவியது. திருச்சி மேனேஜரின் கவிதை மற்றப் பதினோரு பேர் வாயிலும் அப்படியே இருந்தது. ஒருவர் வீட்டில் மயில் ஒளியேற்றியது, இன்னொருவர் வீட்டில் தோகை விரித்தது. ஜனங்கள் அதையெல்லாம் தள்ளிவிட்டு ஆண்டிச்சாமி பக்கத்தில் நின்றார்கள். கொடும்பாளூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் கடையில் புத்தகத்தை விரித்து வைத்துக் கேட்டார்: "பொட்டு வச்சுக் காப்பாத்துற அளவுக்கா வெளைஞ்சிருக்கு?" குடுமியான்மலைக்காரர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்: "ஆண்டிச்சாமிய எனக்குத் தெரியும். அந்த ஆளு வாயில குத்தமில்லன்னு வந்திருச்சா? அஞ்சு மூட்டை போடுங்க!" ஆடி பதினெட்டுக்குள் கிடங்கு காலியாகி, லாரி மூன்று நடை வந்துபோனது. நாகராசும் தன் அரை ஏக்கருக்கு இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போனான்.

ஆவணியில் மேனேஜர் கடிதம் வந்தது. இந்தத் தடவை மயிலும் இல்லை, அதட்டலும் இல்லை. அன்புள்ள குழந்தைசாமி அவர்களுக்கு என்று தொடங்கியது. திருச்சி வட்டாரத்திலேயே அதிகம் விற்ற ஏஜெண்டு தாங்கள்தான். ஏஜெண்டுகளுக்காக ஒரு புத்தகம் போடுகிறோம். தங்கள் பெயர், கடைப் படம், தங்கள் போட்டோ, போன வருஷம் எத்தனை மூட்டை, இந்த வருஷம் எத்தனை மூட்டை, தங்கள் வாயால் இரண்டு வார்த்தை. வெளியிடச் சம்மதமா?

குழந்தைசாமி முதலில் சந்தோஷத்தில் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். அத்தனை ஏஜெண்டுகளும் படிப்பார்கள். மேனேஜரிடம் வாங்கி நாகராசும் படிப்பான். மூட்டைக் கணக்கைப் பார்ப்பான், எதிர்க்கடையிலிருந்து தினம் பார்த்துக்கொண்டே இருப்பான். குழந்தைசாமி கடிதத்தை எதிர்க்கடைக்குத் தெரியாமல் மடித்துக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. அமிர்தவல்லி வந்து நிலைப்படியில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டு, "வியாபாரம் நல்லா நடக்குதாங்க?" என்று கேட்டாள்.

"ஏதோ ஓடுது" என்றார் குழந்தைசாமி. அவள் திரும்பிப் போகப் புறப்பட்டதும், "இந்தா, நில்லு" என்றார். "வீட்டுல மை இருக்கா? நாளைக்குப் போட்டா எடுக்கணும்."

அவள் எதற்கென்று கேட்கவில்லை. அவள் போன பிறகு அவர் சம்மதக் கடிதம் எழுத ஒரு தாளை எடுத்து, பொட்டை அழிக்கக் கூடாது என்று முதல் வரியாக எழுதினார். எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கவில்லை.